மெல்லிய கட்டத்தின் நயம்

விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஏதாவதொரு ஃபோல்டரைத் திறந்து ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு Ctrl விசையை விடாமல் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியை இரண்டு முறை தட்டுங்கள். தேர்வு செய்த ஃபைலின் மேலிருந்த நிறம் அங்கேயே நிற்கும். ஆனால் இரண்டு வரிசை தள்ளி, இன்னொரு ஃபைலைச் சுற்றி மெல்லிய கோட்டால் ஆன கட்டம் ஒன்று தெரியும். பல ஆண்டுகளாகக் கணினியில் வேலை செய்பவர்களிலும் பலர் இந்தக் கட்டத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தவர்களும் திரையில் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார்கள். என் கணக்கில் எக்ஸ்ப்ளோரரில் உள்ள எல்லாவற்றிலும் அழகானது இதுதான்.

மவுஸ் கையில் இருக்கும்போது இந்தக் கட்டத்துக்கு வேலை இல்லை. எந்த ஃபைலைச் சுட்டுகிறோமோ அதையே க்ளிக் செய்கிறோம், அதுவே தேர்வாகிவிடுகிறது. விசைப்பலகை மட்டும் இருந்தால் ஒரு சிக்கல் வருகிறது. மூன்றாவது ஃபைலும் ஒன்பதாவது ஃபைலும் வேண்டும், நடுவில் உள்ளவை வேண்டாம் என்றால், மூன்றாவதை விடாமல் ஒன்பதாவது வரை எப்படிப் போவது? “நான் இப்போது நிற்கும் இடம்” என்பதையும் “நான் எடுத்துக்கொண்டவை” என்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால்தான் அது முடியும். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போய், வேண்டிய பெயருக்கு மட்டும் டிக் போடுவது மாதிரி. கட்டம்தான் விரல், நிறம்தான் டிக்.

விரலை நகர்த்துவது Ctrl-உடன் அம்புக்குறி. டிக் போடுவது Ctrl+Space. ஏற்கெனவே டிக் போட்ட ஃபைலின் மேல் நின்று மறுபடி Ctrl+Space தட்டினால் டிக் எடுபட்டுவிடும். இவ்வளவுதான் இலக்கணம். நுட்பமெல்லாம் Ctrl விசையை எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது என்பதில் இருக்கிறது. நான்கு ஃபைல்களைப் பொறுக்கி முடித்த பிறகு, Ctrl இல்லாமல் வெறும் அம்புக்குறியைத் தட்டினால் நான்கும் போய், அம்புக்குறி போய் நின்ற ஒன்று மட்டும் தேர்வாகும். Shift-உடன் அம்புக்குறியைத் தட்டினாலும் அப்படித்தான், சிதறிக் கிடந்தவை கைவிடப்பட்டு ஒரே தொடர்ச்சியான பகுதி மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு தொடர்ச்சியும் சில தனி ஃபைல்களும் சேர்ந்து வேண்டுமென்றால், தொடர்ச்சியை முதலில் Shift கொண்டு எடுத்துவிட்டு, அதன் பிறகு Ctrl-க்கு மாறி மற்றவற்றைப் பொறுக்க வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீண். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் சன்னலின் அடியில் இருக்கும் வரியை ஓரக்கண்ணால் பார்ப்பது நல்லது. அங்கே 4 items selected என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 item selected என்று வந்திருந்தால் விரல் எங்கோ நழுவியிருக்கிறது.

மேக் கணினியின் ஃபைண்டர் பல விஷயங்களில் எக்ஸ்ப்ளோரரைவிட நாசூக்கானது. ஆனால் இந்த இடத்தில் அது தோற்கிறது. அதில் நிற்பதும் எடுப்பதும் ஒன்றுதான், தனியாக ஒரு கட்டம் கிடையாது. சிதறிக் கிடக்கும் ஃபைல்களைப் பொறுக்க மவுஸையோ டிராக்பேடையோ தொட்டே ஆக வேண்டும். எக்ஸ்ப்ளோரரை வடிவமைத்தவர்கள் இந்த ஒரு கோட்டை வரையாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அப்படியும் வரைந்தார்கள்.

பெயர் மாற்றும் F2-க்கு வருவோம். இந்த விசையை எல்லோருக்கும் தெரியும், இதற்குள் இருக்கும் அக்கறை அவ்வளவாகத் தெரியாது. ஃபைலின் மேல் நின்று F2 தட்டியதும் பெயர் திருத்தும் பெட்டியாகிறது. அதில் எந்தப் பகுதி நிறமேறி இருக்கிறது என்று பாருங்கள். `SCN_0007.pdf` என்றால் `SCN_0007` மட்டும் நிறமேறியிருக்கும், புள்ளியும் `pdf`-உம் தொடப்படாமல் இருக்கும். நீங்கள் தட்டச்சு செய்யும் முதல் எழுத்து பழைய பெயரை மட்டும் விழுங்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் அப்படி இல்லை. நீட்சியைத் திரையில் காட்டும்படி வைத்திருந்தால் முழுப்பெயரும் நிறமேறும், அவசரத்தில் புதுப் பெயர் அடித்தால் `.pdf` காணாமல் போகும், ஃபைல் பயன்படாமல் போகலாம் என்று எச்சரிக்கைப் பெட்டி வந்து நிற்கும். விஸ்டாவில் இதைத் திருத்தினார்கள். விஸ்டாவைப் பழித்தவர்கள் ஏராளம், நியாயமும் இருந்தது. ஆனாலும் இந்தச் சின்னத் திருத்தத்துக்காக அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். நீட்சியைத்தான் மாற்ற வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. பெட்டி திறந்திருக்கும்போதே F2-ஐ மறுபடி மறுபடி தட்டினால் நிறமேறிய பகுதி, பெயர், நீட்சி, இரண்டும் சேர்ந்தது என்று மாறிக்கொண்டே வரும். மனம் மாறினால் Esc, பழைய பெயர் அப்படியே இருக்கும்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்த்தால் இவை ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பது தெரியும். ஒரு வீட்டின் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் கடையில் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஃபோல்டரில் 24 பி.டி.எஃப். ஃபைல்கள், `SCN_0001.pdf` முதல் `SCN_0024.pdf` வரை. எது தாய்ப்பத்திரம், எது வில்லங்கச் சான்று, எது 2016-ஆம் வருடத்து வீட்டு வரி ரசீது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து, பார்த்து, மூடி, பெயர் மாற்றினால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முதலில் Alt+P. வலப்பக்கம் முன்னோட்டப் பலகை திறக்கும். பட்டியலில் ஒவ்வொரு ஃபைலாகக் கீழே இறங்க இறங்க அதன் முதல் பக்கம் பலகையில் தெரியும். பார்த்தவுடன் F2, பெயர், Enter, கீழ் அம்புக்குறி. அடுத்த ஃபைலின் பக்கம் வந்துவிடும். கை விசைப்பலகையை விட்டு எழவே இல்லை. பலகையில் பக்கம் வராமல் வெறுமையாக இருந்தால், அந்த வகை ஃபைலைக் காட்டத் தேவையான துணை மென்பொருள் கணினியில் இல்லை என்று பொருள். பி.டி.எஃப். படிக்கும் மென்பொருள்கள் சில இதைத் தம்மோடு கொண்டுவருகின்றன. மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பிலும் இது உண்டு. இன்னொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, இணையத்திலிருந்து வந்ததாக முத்திரையிடப்பட்ட ஃபைல்களை முன்னோட்டப் பலகை காட்ட மறுக்கிறது, ஆபத்தாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் காட்டுகிறது. ஸ்கேன் கடைக்காரர் பென் டிரைவில் கொடுத்தால் பெரும்பாலும் காட்டும், மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் காட்டாமல் போகலாம். அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும் என்றால், ஃபைலின் மேல் Alt+Enter தட்டிப் பண்புகளைத் திறந்து, Unblock என்ற பெட்டியில் டிக் போட்டால் சரியாகிவிடும்.

பெயர் அடிக்கத் தொடங்கும் முன் வரிசையை மாற்றிவிடுவது உத்தமம். பட்டியல் பெயர் வரிசையில் இருந்தால், `SCN_0001` என்பதை “வில்லங்கச் சான்று” என்று மாற்றிய உடனே அந்த ஃபைல் தன் புதுப் பெயருக்குரிய இடத்துக்கு ஓடலாம். நீங்களும் அதன் பின்னாலேயே போய்விடுவீர்கள். கீழ் அம்புக்குறி தட்டினால் அடுத்து வருவது `SCN_0002` ஆக இருக்காது. Date modified வரிசையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் பெயரை மாற்றுவதால் ஃபைலின் திருத்திய தேதி மாறுவதில்லை. ஸ்கேன் செய்த வரிசையிலேயே எல்லாம் அசையாமல் நிற்கும்.

பெயரில் நம் ஊர்க் காகிதங்களுக்கே உரிய ஒரு தடங்கல் வரும். பட்டாவுக்குச் சர்வே எண்ணைப் போட்டுப் பெயர் வைக்க ஆசைப்பட்டு 112/3B என்று அடித்தால், சாய்கோட்டை எக்ஸ்ப்ளோரர் ஏற்காது. அந்த விசையைத் தட்டிய கணமே பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு தோன்றி, எந்த எழுத்துகள் கூடாது என்று பட்டியல் போடும். இவைதான் அவை:

```
\ / : * ? " < > |
```

பெயரை அடித்து முடித்து Enter தட்டும் வரை காத்திருந்து, பிறகு பிழை என்று சொல்லி அடித்ததையெல்லாம் அழிக்காமல், தவறான எழுத்தை மட்டும் வாசலிலேயே தடுத்து நிறுத்துவதில் ஒரு மரியாதை இருக்கிறது. 112-3B என்று கோடிட்டு எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தேதியிலும் இதே கதைதான். 05/03/2019 நுழையாது. 2019-03-05 என்று வருடத்தை முன்னால் வைத்தால், நுழைவதோடு பெயர் வரிசையில் காலவரிசையாகவும் நிற்கும்.

எந்தெந்த ஃபைலுக்கு என்ன பெயர் என்று முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் முன்னோட்டமே வேண்டாம், Tab போதும். F2 தட்டி முதல் பெயரை அடித்து, Enter-க்குப் பதில் Tab தட்டினால், பெயர் பதிவாகி, அடுத்த ஃபைல் பெட்டி திறந்த நிலையிலேயே வந்து நிற்கும். மறுபடி F2 வேண்டாம். அடி, Tab, அடி, Tab என்று 24 பெயர்களும் ஒரே மூச்சில் முடியும். ஒன்றைத் தவறாக அடித்துவிட்டால் Shift+Tab தட்டிப் பின்னால் போகலாம். படிவம் நிரப்பும்போது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் பழக்கம் நம் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தை ஃபைல் பட்டியலுக்குள் கொண்டுவந்து வைத்த யோசனையை நினைத்து நினைத்து ரசிக்கலாம்.

பெயர்கள் எல்லாம் ஆயிற்று. இப்போது வங்கியில் கடனுக்காகத் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது ஆகிய நான்கையும் கேட்கிறார்கள். பட்டியலில் நான்கும் நான்கு மூலையில் இருக்கின்றன. தாய்ப்பத்திரத்தின் மேல் நின்று, Ctrl-ஐப் பிடித்து, மெல்லிய கட்டத்தை வில்லங்கச் சான்றுக்கு நகர்த்தி Space. இன்னும் கீழே, பட்டாவில் Space. இன்னும் கீழே, ரசீதில் Space. அடிவரியில் நான்கு என்று வந்துவிட்டதா பார்த்து Ctrl+C. பிறகு Ctrl+Shift+N. புதிய ஃபோல்டர் பிறக்கும்போதே பெயர்ப்பெட்டி திறந்தபடிதான் பிறக்கிறது, “வங்கி” என்று அடித்தால் போதும். ஒரு Enter பெயரைப் பதிவு செய்யும், இன்னொரு Enter ஃபோல்டருக்குள் அழைத்துப் போகும். Ctrl+V. முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். முன்னோட்டப் பலகை தேர்வைப் பின்தொடர்கிறதே தவிர, கட்டத்தைப் பின்தொடர்வதில்லை. Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு கட்டத்தை ஓட்டும்போது பலகையில் புதிய பக்கம் வராது. அதனால் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாது, பெயரைப் படித்துத்தான் பொறுக்க முடியும். பெயர் மாற்றும் வேலையை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னோட்டத்தில் மேக் வேறொரு அழகு காட்டியது. 2007-இல் லெப்பர்டு பதிப்போடு வந்த குவிக் லுக்கில், ஃபைலின் மேல் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது பெரிதாக விரியும், மறுபடி தட்டினால் மறையும். விசைப்பலகையிலேயே பெரிய விசைக்கு, அடிக்கடி தேவைப்படும் வேலை. இதைப் பார்த்து ஏங்கிய விண்டோஸ்காரர்களுக்காக பவர்டாய்ஸில் பீக் என்ற கருவி 2023-இல் வந்தது. நல்ல கருவிதான். ஆனால் அது வந்தபோது அதற்குக் கொடுத்திருந்த விசை எது தெரியுமா? Ctrl+Space. நம் டிக் போடும் விசையேதான். பீக்கை நிறுவியவர், நான்காவது ஃபைலைப் பொறுக்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஒரு முன்னோட்டச் சன்னல் திறந்தால், பழி எக்ஸ்ப்ளோரர் மேல் இல்லை. பவர்டாய்ஸ் அமைப்புகளில் பீக்குக்கு வேறு விசையை ஒதுக்கிவிட்டால் டிக் திரும்பி வந்துவிடும். அந்த மெல்லிய கட்டத்தை மைக்ரோசாஃப்டிலேயே சிலர் மறந்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மொத்தமாகப் பெயர் வைப்பதிலும் கட்டம் ஓசையில்லாமல் ஒரு வேலை செய்கிறது. மனையை எடுத்த புகைப்படங்கள் பத்தைத் தேர்ந்தெடுத்து F2 தட்டி, “மனை” என்று அடித்து Enter தட்டினால், `மனை (1).jpg`, `மனை (2).jpg` என்று வரிசையாகப் பெயர் விழும். எந்தப் படத்துக்கு ஒன்றாம் எண்? பட்டியலில் முதலில் இருப்பதற்கு என்று நினைப்போம். கட்டம் எதன் மேல் நிற்கிறதோ அதற்கு. எங்கோ நடுவில் நின்றபடி Ctrl+A தட்டினால் கட்டம் அங்கேயே இருக்கும், எண்ணிக்கையும் அங்கிருந்தே தொடங்கும். முதலில் Home, பிறகு Ctrl+A, பிறகு F2 என்ற ஒழுங்கில் போனால் முதல் படமே முதல் எண்ணைப் பெறும். பிசகினால் உடனே Ctrl+Z. ஒரு குறையும் உண்டு. எண்களுக்கு முன்னால் பூச்சியம் போடுவதில்லை. எக்ஸ்ப்ளோரர் எண்ணை எண்ணாகவே படிப்பதால் அதற்குள் 2-க்கு அடுத்து 3, 9-க்கு அடுத்து 10 என்று சரியாக நிற்கும். எழுத்தை எழுத்தாக மட்டும் பார்க்கும் வேறு கருவியில் போட்டால் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நிற்கும்.

ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் தாவுவதில் இரண்டு திசைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். Alt-உடன் மேல் அம்புக்குறி, இப்போது இருக்கும் ஃபோல்டரைத் தன்னுள் வைத்திருக்கும் ஃபோல்டருக்குப் போகும். Alt-உடன் இட அம்புக்குறி, எங்கிருந்து வந்தீர்களோ அங்கே திரும்பும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்பி காலத்தில் Backspace மேலே ஏற்றியது, விஸ்டாவிலிருந்து வந்த வழியே திருப்புகிறது. பழைய விரல்களுக்கு இந்த மாற்றம் இன்னும் கசக்கும்.

ஒரு ஃபோல்டருக்குள் வேண்டிய ஃபைலைப் பிடிக்க, அதன் முதல் எழுத்துகளை வேகமாக அடித்தால் போதும், கட்டமும் தேர்வும் அங்கே போய் நிற்கும். வேகம் முக்கியம். நடுவில் சற்று நிறுத்திவிட்டால் அடுத்த எழுத்தைப் புதுச் சொல்லின் முதல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஒரே எழுத்தை மறுபடி மறுபடி தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பெயர் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விசைப்பலகை தமிழில் இருக்கும்போது `SCN` என்று தேடினால் எதுவும் நடக்காது. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் தட்டி மொழியை மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

வெகுதூரம் போக Ctrl+L. முகவரிப் பட்டை திறக்கும். முழுப்பாதையையும் அடிக்க வேண்டியதில்லை, `C:\` என்று தொடங்கினாலே உள்ளே இருப்பவற்றைப் பட்டியலாகக் கீழே இறக்கும், கீழ் அம்புக்குறியால் எடுத்துக்கொள்ளலாம். `shell:downloads` என்று அடித்து Enter தட்டினால் எங்கிருந்தாலும் பதிவிறக்க ஃபோல்டர். வெறுமே `cmd` என்று அடித்து Enter தட்டினால், நீங்கள் நிற்கும் அதே ஃபோல்டரில் கட்டளைச் சன்னல் திறக்கும். இது முகவரி எழுதும் இடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஒரு சின்ன விருந்து.

இத்தனையையும் ஒரே நாளில் கைக்குக் கொண்டுவர முயல வேண்டாம். ஏற்கெனவே F2 உங்களிடம் இருக்கும், அதோடு Tab-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தேவையில்லாத ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் ஒன்றில் Ctrl-ஐப் பிடித்தபடி கட்டத்தை ஓட்டி, Space தட்டிப் பொறுக்கிப் பாருங்கள். அது விரலுக்குப் படிந்தால் மற்றவை தாமாக வந்து சேரும்.